ஒரே கடை, ஒரே மாதம், இரண்டு ஸ்கிரீன்ஷாட்: மொத்தம் மட்டும் ஏன் வேறு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் தேக்காவில் பலகாரக் கடை நடத்துகிறேன். இணையத்திலும் ஆர்டர் எடுக்கிறோம். தீபாவளி மாத இணைய விற்பனை என் கைப்பேசியில் 41,856 வெள்ளி. கணக்குப் பார்க்கும் தம்பி சென்னையிலிருந்து அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 40,300. நடுவில் 1,556 வெள்ளி எங்கே போனது? யாராவது கைவைத்திருப்பார்களா?

யாரும் கைவைக்கவில்லை, அக்கா. கடைப் பையன்களை விசாரிப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டது நல்லதாயிற்று.

நீங்கள் முதலில் அனுப்பிய படத்தில் எண் மட்டும்தான் இருந்தது. பெரிதாகத் தெரியட்டும் என்று மேல்பகுதியை வெட்டிவிட்டீர்கள். வெட்டாத படத்தைக் கேட்டு வாங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. உங்கள் படம் 2025 நவம்பர் 5ஆம் தேதி காலையில் எடுத்தது. மேலே சின்ன எழுத்தில் Last 30 days என்று இருக்கிறது. தம்பியின் படம் அதே நாள் மாலையில் எடுத்தது. அதில் Oct 1 – Oct 31, 2025 என்று இருக்கிறது. இருவரும் "தீபாவளி மாதம்" என்றுதான் பேசிக்கொள்கிறீர்கள், ஆனால் இரண்டு டாஷ்போர்டுகளும் கூட்டியிருப்பது வெவ்வேறு நாள்களை.

அதோடு முடியவில்லை. உங்களுடைய எண்ணில் ஜிஎஸ்டி இருக்கிறது, அவருடையதில் இல்லை. அவர் ரீஃபண்டைக் கழித்திருக்கிறார், உங்கள் பக்கம் கழிக்கவில்லை. அவருடைய அறிக்கைக்கு நாள் பிறக்கும் நேரமே வேறு. ஒவ்வொன்றாகக் கீழே சொல்கிறேன். கடைசியில் அந்த 1,556 வெள்ளியும் சில்லறை மீதியில்லாமல் நேராகும்.

Last 30 days என்றால் போன மாதம்தானே? அக்டோபருக்கு 31 நாள், ஒரு நாள்தானே வித்தியாசம் வரவேண்டும்?

அது நகர்ந்துகொண்டே இருக்கும் ஜன்னல். இன்று பார்த்தால் ஒரு முப்பது நாள், நாளை பார்த்தால் வேறு முப்பது நாள். மாதத்தோடு அதற்கு எந்த உறவும் கிடையாது.

உங்கள் கடை டாஷ்போர்டு இன்றைய நாளைச் சேர்க்காமல் நேற்றிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது. நவம்பர் 5 அன்று அது எண்ணியது அக்டோபர் 6 முதல் நவம்பர் 4 வரை: அக்டோபரில் 26 நாள், நவம்பரில் 4 நாள். எல்லாச் செயலிகளும் இப்படியே எண்ணும் என்று நம்பவேண்டாம். சிலவற்றில் இன்றும் சேரும். தேதிப் பெட்டியைத் தொட்டால் தொடக்க நாளும் முடிவு நாளும் தெரியும். அந்த இரண்டையும் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள்.

ஆக, ஒரு நாள் அல்ல, ஒன்பது நாள் இடம் மாறியிருக்கிறது. அக்டோபர் 1 முதல் 5 வரை உங்கள் படத்தில் இல்லை. நவம்பர் 1 முதல் 4 வரை தேவையில்லாமல் இருக்கிறது. சாதாரண மாதத்தில் ஐந்து நாள் போய் நான்கு நாள் வந்தால் மொத்தம் பெரிதாக அசையாது. ஆனால் 2025இல் தீபாவளி அக்டோபர் 20. அக்டோபர் முதல் வாரம் முறுக்கும் அதிரசமும் முன்பதிவில் பறக்கும் வாரம். நவம்பர் முதல் வாரமோ வீட்டில் மிஞ்சிய பலகாரத்தையே தீர்க்க முடியாமல் மக்கள் திண்டாடும் வாரம். உங்கள் ஆர்டர் பட்டியலில் நாள்வாரியாகக் கூட்டிப் பார்த்தேன். விட்டுப்போன ஐந்து நாளில் 3,924 வெள்ளி, நுழைந்துவிட்ட நான்கு நாளில் 1,090 வெள்ளி. தேதியைச் சரிசெய்தால் உங்கள் 41,856 குறையாது, 44,690 ஆகக் கூடும்.

"அப்படியானால் தம்பியோடு உள்ள இடைவெளி இன்னும் பெரிதாகிறதே" என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். ஆமாம். அதனால்தான் இதோடு நிறுத்தமுடியாது.

இரண்டு படத்திலும் விற்பனை என்றுதான் போட்டிருக்கிறது. என்னுடையதில் Sales, அவருடையதில் Net sales. அந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு கனமா?

உங்கள் கடையைப் பொறுத்தவரை அந்த ஒரு சொல்லின் கனம் நாலாயிரம் வெள்ளிக்கு மேல்.

சிங்கப்பூரில் ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைகள் வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையில் வரியைச் சேர்த்தே காட்டவேண்டும். முறுக்கு டின் 10.90 வெள்ளி என்று போட்டால் அதில் 10 வெள்ளி உங்களுக்கு, 90 காசு வரி. வாடிக்கையாளர் கட்டியது 10.90 என்பதால் உங்கள் கடை டாஷ்போர்டு அதையே விற்பனையாகக் கூட்டுகிறது. கணக்கருக்கு அந்த 90 காசு விற்பனை அல்ல. அரசாங்கத்துக்காக நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பணம். தம்பியின் Net sales அதை நீக்கிவிடுகிறது, திருப்பிக் கொடுத்த பணத்தையும் கழித்துவிடுகிறது.

அக்டோபர் ஆர்டர்களுக்கு நீங்கள் திருப்பிக் கொடுத்தது, தம்பியின் பட்டியல்படி, வரியோடு 545 வெள்ளி. 44,690இல் அதைக் கழித்தால் 44,145. அதிலிருந்து வரியை எடுத்தால் 40,500.

இந்த வரி எடுக்கும் இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். விகிதம் 9 விழுக்காடு என்றவுடன் 44,145இல் 9 விழுக்காட்டைக் கழித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 3,973 வெள்ளி 5 காசு போய்விடும். உண்மையில் உள்ளே இருக்கும் வரி 3,645 வெள்ளிதான். 9 விழுக்காடு என்பது வரி சேர்க்காத விலையின் மேல் கணக்கிட்டது. ஆகவே 1.09ஆல் வகுக்கவேண்டும். தப்பாகக் கழித்தால் 328 வெள்ளிக்கு இன்னொரு புதிய மர்மம் கிளம்பும், அதைத் தேடி இன்னொரு ராத்திரி போகும்.

பழைய ஆண்டுகளை ஒப்பிடுபவர்களுக்கு ஒன்று: 2022 வரை 7, 2023இல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. வரியோடு கூட்டும் டாஷ்போர்டில் 2023ஐவிட 2024 கிட்டத்தட்ட ஒரு விழுக்காடு வளர்ந்ததுபோல் தெரியும், ஒரு டின்கூட அதிகம் விற்காவிட்டாலும்.

நான் சென்னையில் இருக்கிறேன், ஆனால் கடை சிங்கப்பூர் கடை. அக்டோபர் 1 முதல் 31 வரை என்று நான் தெளிவாகத்தான் போட்டேன். இதில் நேரம் எங்கிருந்து வந்தது?

தம்பி, நாள் என்பது நள்ளிரவில் தொடங்குகிறது. எந்த ஊர் நள்ளிரவு என்று உங்கள் அறிக்கைக் கருவிக்கு யாரும் சொல்லவில்லை.

படம் சென்னையிலிருந்து வந்ததால் அது இந்திய நேரத்தில் ஓடுகிறது என்று நானும் முதலில் நினைத்தேன். அதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. எந்த நிமிடம் வந்தது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்ளவேண்டும். அக்கா அக்டோபர் 1 நள்ளிரவுக்கு முன்பதிவைத் திறந்தார். முதல் ஆர்டரின் உறுதி மின்னஞ்சல் சிங்கப்பூரில் 12.07க்கு வந்தது. கடை டாஷ்போர்டிலும் அது அக்டோபர் 1, 12.07 என்றே இருந்தது. உங்கள் அறிக்கையில் அதே ஆர்டர் எண்ணைத் தேடினோம். இந்திய நேரமாக இருந்தால் செப்டம்பர் 30 இரவு 9.37 என்று இருக்கவேண்டும், இரண்டரை மணி நேரம் பின்னால். இருந்ததோ செப்டம்பர் 30 மாலை 4.07. சரியாக எட்டு மணி நேரம் பின்னால். அப்படியென்றால் அது UTC, அதாவது உலகப் பொது நேரம். கடையின் நேரமும் இல்லை, உங்கள் நேரமும் இல்லை. கருவியை முதலில் இணைத்தபோது அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை, அது பிறந்த நிலையிலேயே இருந்துவிட்டது.

சிங்கப்பூரும் இந்தியாவும் கோடைக் காலத்துக்காகக் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. அதனால் எட்டு மணி என்றால் ஆண்டு முழுக்க எட்டு மணி, இரண்டரை என்றால் இரண்டரை; இந்தச் சோதனை எந்த மாதத்திலும் செல்லும். அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் விட்டுவைத்த கருவியானால் கோடையில் 15 மணி, குளிர்காலத்தில் 16 மணி என்று மாறும். இடைவெளி 15 அல்லது 16 என்று வந்தால் காரணம் அதுதான்.

UTCஇல் உங்கள் அக்டோபர், சிங்கப்பூரில் அக்டோபர் 1 காலை 8 மணிக்குத் தொடங்கி நவம்பர் 1 காலை 8 மணிக்கு முடிகிறது. முன்பதிவு திறந்த ராத்திரியில் 12 முதல் 8 வரை வந்த ஆர்டர்கள் வரி நீக்கி 300 வெள்ளி. அவை செப்டம்பருக்குப் போய்விட்டன. நவம்பர் 1 விடியற்காலையில் வந்த 100 வெள்ளி அக்டோபருக்குள் நுழைந்துவிட்டது. ஆகமொத்தம் 200 வெள்ளி குறைந்து, 40,500 என்பது 40,300 ஆகிவிட்டது.

மாத மொத்தத்தில் நேர மண்டலம் இப்படிச் சின்னதாகத்தான் கடிக்கும், இரண்டு ஓரங்களில் மட்டும். நாள்வாரி வரைபடத்தில்தான் அதன் முழு அட்டகாசமும் தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் வேலை முடிந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, நள்ளிரவு தாண்டித்தான் நம் மக்கள் ஆர்டர் போடுகிறார்கள். அந்த ஆர்டர் எல்லாம் முந்தின நாள் கம்பத்தில் போய் ஏறும். நள்ளிரவில் விட்ட தள்ளுபடிக் கூப்பன், விடுவதற்கு முந்தின நாளே வேலை செய்ததுபோல் தெரியும். வரைபடம் இப்படிக் காலத்தை முந்திக்கொண்டு போனால் வேறு எதையும் பார்க்காமல் நேர அமைப்பைத் திறந்துவிடலாம்.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஆர்டர்களை நேரத்தோடு சேமித்துவைத்து, கேட்கும்போது கூட்டித் தரும் கருவிகளில் அமைப்பை மாற்றினால் பழைய மாதங்களும் சரியாகும். முன்கூட்டியே நாள் நாளாகக் கட்டிவைக்கும் கருவிகளில் ஆகாது. கூகுள் அனலிட்டிக்ஸில் நேர மண்டலத்தை மாற்றினால் அன்றிலிருந்து வரும் தரவுக்குத்தான் செல்லும், பின்னால் உள்ளது பழையபடியே கிடக்கும். அதனால் மாற்றிய தேதியை எங்காவது குறித்துவையுங்கள்.

ஒரே தாளில் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டமுடியுமா? வித்தியாசம் நாலு விழுக்காடுகூட இல்லை, விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

அக்காவின் எண்ணில் தொடங்கி, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு தம்பியின் எண்ணுக்குப் போகிறேன்.

அக்காவின் ஸ்கிரீன்ஷாட்: 41,856
அக்டோபர் 1 முதல் 5 வரை சேர்த்தால் +3,924: 45,780
நவம்பர் 1 முதல் 4 வரை நீக்கினால் −1,090: 44,690
ரீஃபண்ட் கழித்தால் −545: 44,145
ஜிஎஸ்டி நீக்கினால் −3,645: 40,500
சிங்கப்பூர் நேரத்திலிருந்து UTCக்குப் போனால் −200: 40,300

இப்போது அந்த நாலு விழுக்காட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் 3,924 ஏறியிருக்கிறது, இன்னொரு பக்கம் வரிக்காக 3,645 இறங்கியிருக்கிறது. ஒன்றையொன்று கிட்டத்தட்ட தின்றுவிட்டன. வெளியே தெரிந்தது மீதி மட்டும்தான். உள்ளே அசைந்த தொகையைக் கூட்டினால் ஒன்பதாயிரத்துக்கு மேல். அடுத்த மாதம் பண்டிகை இல்லை, தேதித் துண்டு சுருங்கிவிடும், வரித் துண்டு அப்படியே இருக்கும். அப்போது இதே இரண்டு படங்களும் திடீரென்று ஒன்பது விழுக்காட்டுக்குப் பக்கத்தில் விலகி நிற்கும். சின்ன வித்தியாசம் என்று விடுவதற்குமுன் அது எதெல்லாம் கழிந்து வந்த சின்னது என்று பார்த்துவிடுவது என் பழக்கம்.

இன்னொன்று. தம்பி இதையே செய்துபார்த்து, வரித் துண்டு 3,690 வருகிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அவர் ரீஃபண்டுக்கு முன்னால் வரியை நீக்கியிருந்தார். அப்படிச் செய்தால் 44,690, 41,000 ஆகும். பிறகு ரீஃபண்ட் வரியில்லாமல் 500 மட்டும் கழியும். கடைசியில் அதே 40,500தான். வரிசையை மாற்றினால் துண்டுகளின் அளவு மாறும், போய்ச் சேரும் இடம் மாறாது. எந்த வரிசை என்று இருவரும் முன்னாலேயே பேசிக்கொண்டால் போதும்.

நீங்கள் சொன்னபடி எல்லா அமைப்பையும் ஒன்றாக்கிவிட்டோம். தேதி ஒன்று, நேரம் ஒன்று, வரி இல்லை, ரீஃபண்ட் கழித்தாயிற்று. இப்போதும் என்னுடையது 40,550, அவருடையது 40,500. இந்த ஐம்பது எங்கே?

இந்த ஐம்பது எனக்குப் பிடித்தமான ஐம்பது, ஏனென்றால் இதை எந்த ஃபில்டரிலும் பார்க்கமுடியாது.

அக்டோபர் 18ஆம் தேதி வந்த ஆர்டர் ஒன்றில் முறுக்கு நொறுங்கிப் போனதென்று நவம்பர் 3ஆம் தேதி 54.50 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தீர்கள். வரி நீக்கினால் 50. உங்கள் டாஷ்போர்டு ரீஃபண்டை, பணம் திரும்பிய நாளில் எழுதுகிறது. அதற்கு இது நவம்பர் சமாசாரம். தம்பியின் அறிக்கை அதை ஆர்டர் வந்த நாளுக்கே கொண்டுபோய்க் கழிக்கிறது. அதற்கு இது அக்டோபர் 18.

இரண்டுக்கும் நியாயம் உண்டு. எந்தப் பலகாரம் உண்மையில் எவ்வளவு விற்றது என்று அறிய ஆர்டர் தேதி முறை நல்லது. மாதத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்க ரீஃபண்ட் தேதி முறை நல்லது, ஏனென்றால் மூடிய மாதம் மறுபடி அசையாது. ஆர்டர் தேதி முறையில், நவம்பர் 2 அன்று எடுத்த அக்டோபர் மொத்தமும் நவம்பர் 5 அன்று எடுத்த அக்டோபர் மொத்தமும் வேறாக இருக்கும். ஃபில்டரில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அதனால்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்த நாளும் கணக்கின் ஒரு பகுதி.

உங்களுடையது எந்த முறை என்று தெரியவேண்டுமா? மாதம் கடந்து திருப்பிக் கொடுத்த ஒரு ஆர்டரைத் தேர்ந்தெடுங்கள். பழைய மாதத்தின் ரீஃபண்ட் வரியில் அது இருக்கிறதா, புதிய மாதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

டாஷ்போர்டே வேண்டாம் என்று ஆர்டர்களை இறக்கி நானே ஷீட்டில் கூட்டினேன். கடைசி நாள் விற்பனை மட்டும் வரவேயில்லை.

உங்கள் சூத்திரம் இப்படித்தான் இருந்திருக்கும்:

```
=SUMIFS(C:C, A:A, ">="&DATE(2025,10,1), A:A, "<="&DATE(2025,10,31))
```

DATE(2025,10,31) என்பது 31ஆம் தேதி முழுவதும் அல்ல; அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு. உங்கள் A நெடுவரிசையில் தேதியோடு மணியும் இருக்கிறது. காலை 9 மணிக்கு வந்த ஆர்டர் அந்த நள்ளிரவைவிடப் பெரியது, ஆகவே வெளியே தள்ளப்படுகிறது. அடுத்த நாளைவிடக் குறைவு என்று எழுதுங்கள்:

```
=SUMIFS(C:C, A:A, ">="&DATE(2025,10,1), A:A, "<"&DATE(2025,11,1))
```

இறக்கிய கோப்பு UTCஇல் இருந்தால், கூட்டுவதற்குமுன் பக்கத்து நெடுவரிசையில் எட்டு மணியைச் சேர்த்துக்கொண்டு, மேலே உள்ள சூத்திரத்தில் A:Aக்குப் பதிலாக அந்த நெடுவரிசையைக் கொடுங்கள். எட்டு மணியைச் சேர்ப்பது இப்படி:

```
=A2+TIME(8,0,0)
```

மொத்தம் பூஜ்யம் என்று வந்தால் பிரச்சினை வேறு. சில கோப்புகளில் தேதி 2025-10-31 14:20:11 +0800 என்று வாலோடு வரும். அந்த வாலைப் பார்த்ததும் ஷீட் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். `=ISNUMBER(A2)` போட்டுப் பாருங்கள். FALSE வந்தால் அதுதான். வால் +0800 என்று சொன்னால் அது ஏற்கெனவே சிங்கப்பூர் நேரம். அதன்மேல் இன்னொரு எட்டு மணியை ஏற்றிவிடாதீர்கள். நான் ஒருமுறை ஏற்றியிருக்கிறேன், மாலை ஆர்டர் எல்லாம் மறுநாளுக்குத் தாவிவிட்டது.

ஜிஎஸ்டி படிவத்தில் இந்த எண்களில் எதைப் போடுவது?

Last 30 days என்று வந்த எதையும் போடாதீர்கள். படிவம் கேட்பது உங்கள் காலாண்டை.

விற்பனை எந்த நாளைச் சேர்ந்தது என்பதற்கு உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் பொதுவிதி இருக்கிறது: பணம் கிடைத்த நாள், இன்வாய்ஸ் கொடுத்த நாள், இரண்டில் எது முந்தியதோ அது. இணையத்தில் ஆர்டர் போடும்போதே பணம் கட்டிவிடுவதால் உங்களுக்குப் பெரும்பாலும் ஆர்டர் நாள்தான். டின் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நாள் அல்ல.

இங்கேதான் அந்த 200 வெள்ளிச் சமாசாரம் மறுபடி தலைகாட்டுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒரு காலாண்டு, அதற்கு அக்டோபர் 31க்குள் தாக்கல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடுத்தது, அதற்கு ஜனவரி 31க்குள். முன்பதிவு ராத்திரியின் 300 வெள்ளியை UTC செப்டம்பருக்குத் தள்ளியதால் அதன் 27 வெள்ளி வரி தவறான காலாண்டுக்குப் போகும். தொகை சின்னது. ஆனால் காலாண்டு மாறும் ராத்திரியில் பெரிய விற்பனை வைக்கும் கடைக்குச் சின்னதாக இருக்காது. தம்பியின் கருவி இப்போது சிங்கப்பூர் நேரத்தில் இருப்பதால் அவருடைய அறிக்கையிலிருந்து எடுப்பதே சரி. உங்கள் கைப்பேசி எண் அன்றாட நாடி பார்க்க இருக்கட்டும்.

வங்கிக் கணக்கில் வந்த தொகை இரண்டு எண்ணோடும் பொருந்தவில்லையே?

பொருந்தாது. அட்டையில் கட்டிய பணம் சில நாள் கழித்து, கட்டணம் பிடித்தபின், பல ஆர்டர்கள் சேர்ந்து ஒரே தொகையாக வருகிறது. அக்டோபர் 30 ஆர்டரின் பணம் நவம்பரில் வரும். வங்கியோடு ஒப்பிடக் கட்டணச் சேவை தரும் தனி அறிக்கை இருக்கிறது. விற்பனை டாஷ்போர்டை அதற்கு இழுக்கவேண்டாம்.

போன வருஷ அக்டோபரோடு ஒப்பிட்டால் இந்த வருஷம் இறங்கியதுபோல் காட்டுகிறது. இதுவும் ஃபில்டர் வேலையா?

பாதி அதுதான். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. பண்டிகைக்கு முந்தின நான்கு வாரமும் முழுதாக அக்டோபருக்குள் அடங்கிவிட்டது. 2025இல் அக்டோபர் 20 என்பதால் அந்த நான்கு வாரத்தில் ஒரு வாரத்துக்கு மேல் செப்டம்பரில் விழுந்துவிட்டது. பதிலுக்கு அக்டோபரின் கடைசி பதினொரு நாள் பண்டிகை முடிந்த வெறும் நாள். டாஷ்போர்டின் ஒப்பீட்டுப் பொத்தானுக்கு ஆங்கில நாள்காட்டி மட்டும்தான் தெரியும்.

தீபாவளி நாளைச் சுழியமாக வைத்து, அதற்கு முந்தின 28 நாளை எடுங்கள். 2024க்கு அக்டோபர் 3 முதல் 30 வரை; 2025க்கு செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 19 வரை. இரண்டுக்கும் தேதியைக் கையால் போட்டு எடுங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் அது நிஜமான இறக்கம், அதற்கு வேறு காரணம் தேடவேண்டும். 2026இல் தீபாவளி நவம்பர் 8. அடுத்த வருஷ அக்டோபர் தனியாகப் பார்த்தால் இன்னொரு விதமாகக் குழப்பும்.

இனி நாங்கள் படம் அனுப்பும்போது எதெல்லாம் தெரியவேண்டும்?

வெட்டாத படம். தேதிப் பெட்டி தொடக்கம், முடிவு இரண்டையும் காட்டவேண்டும். ஃபில்டர் ஏதாவது போட்டிருந்தால் அந்தப் பட்டையும் தெரியவேண்டும். நேர மண்டலம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் தெரியாது, அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். வரி, ரீஃபண்ட் முறையும் அப்படியே. ஆகவே படத்துக்குக் கீழே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிடுவதுதான் வழி. போன வாரம் தம்பி அனுப்பிய படத்துக்குக் கீழே இருந்த வரியை அப்படியே தருகிறேன். அக்கா பதிலுக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அக். 1 முதல் 31 வரை, சிங்கப்பூர் நேரம், வரி நீக்கி, ரீஃபண்ட் கழித்து (ஆர்டர் தேதிப்படி), எடுத்தது நவ. 12 இரவு 9.10: 40,500."